ரெஸ்யூமில் எட்டு லட்சம், கணக்கில் எவ்வளவு?

சப்ளை செயின் வேலைக்கு வரும் ரெஸ்யூம்களில் செலவைக் குறைத்ததாக ஒரு வரி இல்லாமல் இருப்பது அபூர்வம். பக்கத்தில் ஒரு தொகையும் இருக்கும். அதைப் படிப்பவர் பெரும்பாலும் அதே பர்ச்சேஸ் நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவர். தொகை பெரிதா சிறிதா என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. எதிலிருந்து எதைக் கழித்தீர்கள், எத்தனை மாதத்துக்கு, யார் ஒப்புக்கொண்டார்கள் என்று மூன்று கேள்வி கேட்பார். முதல் கேள்வியிலேயே தடுமாறுபவர்கள்தான் அதிகம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 3,20,000 அட்டைப்பெட்டி வேண்டும். பழைய வெண்டர் ஒரு பெட்டியை 42 ரூபாய்க்கு ஆலை வாசலில் இறக்கிக் கொடுத்தார். புது வெண்டர் 39.50 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். பெட்டிக்கு 2.50 மிச்சம், 3,20,000 பெட்டிக்கு எட்டு லட்சம். இந்த எட்டு லட்சம் அப்படியே ரெஸ்யூமில் ஏறிவிடும்.

இனி கழித்தல். புது விலை ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த நிதியாண்டில் மிச்சம் இருந்தது ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் வந்த பெட்டி எவ்வளவு என்று பார்க்க எஸ்.ஏ.பி-யில் MB51 என்ற சரக்குப் பதிவு ரிப்போர்ட்டைப் போட்டு, சரக்கு வரவைக் குறிக்கும் மூவ்மெண்ட் டைப் 101-ஐ மட்டும் கூட்டினால் 2,41,000 வருகிறது. இங்கேயே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. தரம் சரியில்லை என்று வெண்டருக்குத் திருப்பி அனுப்பிய 5,200 பெட்டி 122-இல் இருக்கிறது. தப்பாகப் பதிந்து ரத்து செய்த 800 பெட்டி 102-இல் இருக்கிறது. திருப்பி அனுப்பியதற்கு மாற்றாக வந்த சரக்கு மறுபடியும் 101-ஆகத்தான் விழும். கழிக்காவிட்டால் ஒரே பெட்டியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கழித்தால் 2,35,000. பெட்டிக்கு 2.50 என்றால் 5,87,500 ரூபாய்.

அடுத்தது லாரி. 39.50 என்பது வெண்டர் தன் இடத்தில் லாரியில் ஏற்றிக் கொடுக்கும் விலை. வாடகை ஆலையின் தலையில் விழுந்தது, பெட்டிக்கு 60 பைசா. அது 1,41,000. பெட்டியை வெட்டும் டை செய்யப் புது வெண்டரிடம் கொடுத்தது 60,000. அதுவும் போனால் 3,86,500.

பலர் கவனிக்காத இடம் கடன் தவணை. பழைய வெண்டருக்கு 60 நாள் கழித்துத்தான் பணம். புது வெண்டர் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். எம்.எஸ்.எம்.இ சட்டப்படி அவருக்கு 45 நாளைத் தாண்ட முடியாது. 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, அந்தக் கெடுவைத் தாண்டினால் அந்தச் செலவைப் பணம் கட்டிய வருடத்தில்தான் கணக்கில் கழிக்க முடியும் என்பதால் ஃபைனான்ஸ்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். ஆக 15 நாள் முன்னாடியே பணம் போகிறது. ஒன்பது மாதக் கொள்முதல் சுமார் 92.8 லட்சம். வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால் 15 நாளுக்கு 38,000 ரூபாய் சொச்சம். கடைசியில் கையில் நிற்பது ஏறத்தாழ மூன்றரை லட்சம்.

(ஜி.எஸ்.டி-யை இந்தக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டாம். உள்ளீட்டு வரியாகத் திரும்பி வரும் பணம் அது. வரியோடு சேர்ந்த விலையை ஒப்பிட்டு மிச்சத்தைப் பெருக்கிக் காட்டுவதும் நடக்கிறது.)

இதோடு முடிந்ததா என்றால், கெட்டிக்கார மேனேஜர் இன்னும் ஒரு கேள்வி வைத்திருப்பார்: "அந்தச் சமயத்தில் கிராஃப்ட் பேப்பர் விலை எப்படி இருந்தது?" அட்டைப்பெட்டி விலையில் பெரும்பங்கு காகிதம். காகித விலை இறங்கி, பழைய வெண்டரே ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருந்திருந்தால், ஒப்பிட வேண்டிய விலை 42 அல்ல, 41. அதற்கு மேலும் 2,35,000 கழியும். அப்போது உங்கள் உழைப்பால் வந்தது ஒரு லட்சத்துச் சில்லறைதான். மற்றது சந்தை கொடுத்தது. சந்தை கொடுத்ததைத் தன் பேரில் எழுதிக்கொள்பவருக்கு, அடுத்த வருடம் விலை ஏறும்போது அதையும் தன் பேரில் எழுதிக்கொள்ளும் மனசு இருக்க வேண்டும்!

காகித விலை அசையவில்லை என்றால் ரெஸ்யூம் வரி இப்படி இருக்கலாம்: "அட்டைப்பெட்டி, ஆண்டுத் தேவை 3.2 லட்சம். மாற்று வெண்டரை உருவாக்கி, லாரி வாடகை, டை, கடன் தவணை கழித்து 9 மாதத்தில் நிகர மிச்சம் ரூ.3.5 லட்சம். ஃபைனான்ஸ் ஒப்புதல் உண்டு." எட்டு லட்சத்தை விடச் சின்ன எண்தான். ஆனால் கேள்வி கேட்பவருக்கு இதில் கேட்க அதிகம் எதுவும் மிஞ்சாது. கடைசி மூன்று சொல்லை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். ஒப்புதல் எந்த வடிவில் வந்தது, மெயிலா, மாதாந்திர சேமிப்புப் பட்டியலா என்று கட்டாயம் கேட்பார்கள்.

ஏறவிருந்த செலவைத் தடுத்தது வேறு வகை. 42 ரூபாய்ப் பெட்டிக்கு வெண்டர் 45 கேட்டார், பேசி 43-இல் முடித்தீர்கள் என்றால் இரண்டு ரூபாய் தப்பியது உண்மை. ஆனால் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் பெட்டிக்கு ஒரு ரூபாய் கூடியிருக்கிறது. இரண்டையும் ஒரே தொகையில் கூட்டி எழுதினால், கூட்டியது தெரிந்த நிமிடமே முழுத் தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தனி வரியில் எழுதினால் அதற்குரிய மரியாதை கிடைக்கும்.

வெண்டர் எண்ணிக்கைக்கு வருவோம். "120 வெண்டர்களை நிர்வகித்தேன்" என்பார்கள். 120 என்பது வெண்டர் மாஸ்டரில் பதிந்துள்ள எல்லாப் பெயரின் கணக்காக இருக்கும். கடந்த பன்னிரண்டு மாதத்துக்கு, வெண்டர் வாரியாக ஆர்டரைக் காட்டும் ME2L ஓட்டிப் பாருங்கள். ஆர்டர் போனது 46 பேருக்குத்தான் என்று வரலாம். அதிலும் ஒரே ஆள் இரண்டு ஊரில் ஜி.எஸ்.டி பதிவு வைத்து இரண்டு கோடில் இருப்பார். அப்படி இரண்டு முறை வருபவரை ஒருவராகவே எண்ணி, வரும் எண்ணிக்கையையே எழுதி, மொத்தக் கொள்முதல் மதிப்பையும், அதில் பாதிக்கு மேல் எத்தனை பேரிடம் போகிறது என்பதையும் சேர்த்தால் வேலையின் கனம் தெரியும்.

வெண்டர்கள் நேரத்துக்குச் சரக்குக் கொடுத்த சதவீதத்தையும் எழுதுவது வழக்கம். 98 சதவீதம் என்று பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். காரணம் எளிது. வெண்டர் தாமதம் ஆகும் என்று போன் செய்தால், பர்ச்சேஸில் இருப்பவர் ஆர்டரில் டெலிவரி தேதியைத் தள்ளி வைத்துவிடுவார். தள்ளிய தேதிக்கு சரக்கு வந்தால் ரிப்போர்ட்டில் அது 'நேரத்துக்கு வந்தது'. எஸ்.ஏ.பி-யில் ஆர்டரின் டெலிவரி ஷெட்யூலுக்குள் `Stat. Del. Date` என்று இன்னொரு தேதி இருக்கிறது. டெலிவரி தேதியை மாற்றினாலும், யாரும் கை வைக்காத வரை இது முதலில் போட்ட தேதியாகவே நிற்கும். அந்தத் தேதியோடு சரக்கு வந்த தேதியை ஒப்பிட்டால் 98 என்பது 81-க்கோ 84-க்கோ இறங்கலாம். எந்தத் தேதியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதற்கு பதில் வைத்திருங்கள். 71-இல் இருந்து 84-க்குக் கொண்டுவந்தேன் என்பது வெறும் 98-ஐ விட நூறு மடங்கு நம்பும்படி இருக்கும்.

கையாண்ட அளவு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அலகை எழுதுங்கள், அவ்வளவுதான். மாதம் 60 கண்டெய்னர் என்றால் 20 அடியா 40 அடியா? 20 அடிப் பெட்டியை ஒன்றாக எண்ணும் அலகு டி.இ.யு; 20 அடியில் 20, 40 அடியில் 40 என்றால் அது 100 டி.இ.யு. எல்லாமே 20 அடி என்றால் வெறும் 60. அதேபோல மாதம் 300 ஆர்டர் என்பதை விட, அதில் எத்தனை லைன் என்பதே வேலையைக் காட்டும். ஒரே லைன் உள்ள 300 ஆர்டரும், நாற்பது லைன் உள்ள 300 ஆர்டரும் ஒன்றாகாது. டீம் செய்ததை டீம் என்றும், நீங்கள் தனியாகப் பார்த்ததைத் தனியாகவும் பிரித்துவிடுங்கள்.

ஈ.ஆர்.பி வரியில் பெயர்களை அடுக்குவதில் பிரயோஜனம் இல்லை. எஸ்.ஏ.பி எம்.எம் தெரியும் என்பவரிடம் கேட்கும் கேள்வி மிகச் சாதாரணமாக இருக்கும்: "500 பெட்டி வந்ததாக ஜி.ஆர் போட்டாச்சு, வெண்டர் 520 பெட்டிக்கு பில் அனுப்பியிருக்கிறார். என்ன ஆகும்?" தினமும் வேலை செய்தவர், MIRO-வில் பில் பதிவு ஏறும், அனுமதித்த வித்தியாசத்தைத் தாண்டினால் பேமெண்ட் பிளாக் விழும், வெண்டரிடம் பேசி முடித்த பிறகு MRBR-இல் ரிலீஸ் ஆகும் என்று யோசிக்காமல் சொல்வார். இரண்டு வார வகுப்புக்குப் போனவர் MIGO, MIRO என்று பெயரைச் சொல்லி நின்றுவிடுவார். ஈ.சி.சி-யா எஸ்/4 ஹானாவா என்பதும் முக்கியம். ஹானாவில் வேலை பார்த்தேன் என்றவர் புது வெண்டரை XK01-இல் உருவாக்குவேன் என்றால் மாட்டிக்கொள்வார். அங்கே அந்த வேலை BP என்ற பிசினஸ் பார்ட்னர் திரைக்குள் போய்விட்டது. புது சிஸ்டம் வந்தபோது டெஸ்டிங்கில் உட்கார்ந்திருந்தால் 'கீ யூசராக டெஸ்ட் செய்தேன்' என்று எழுதுங்கள், 'இம்ப்ளிமெண்ட் செய்தேன்' வேண்டாம். டேலி மட்டும்தான் தெரியும் என்றால் டேலி என்றே எழுதுங்கள். குடோன் வாரியாக ஸ்டாக் வைத்து, பர்ச்சேஸ் ஆர்டர் நிலுவையைத் தினமும் அதில் எடுத்தவருக்குச் சின்ன கம்பெனிகளில் நல்ல கிராக்கி உண்டு.

இந்த எண்களை எப்போது சேகரிப்பது? ராஜினாமா கொடுத்த பிறகு லாக்-இன் எந்த நாளில் அடைபடும் என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்தங்களை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால் போதும்: அளவு, லைன், வெண்டர் எண்ணிக்கை, ஒப்புதல் பெற்ற நிகர மிச்சம், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை. ரிப்போர்ட்டை எக்ஸலில் இறக்கி சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது வெண்டர் விலைப்பட்டியலைத் திருடியதாகவே பார்க்கப்படும். ரெஸ்யூமிலும் வெண்டர் பெயரோ பெட்டி விலையோ வர வேண்டாம். மேலே எழுதிய மாதிரி வரியில் 39.50 இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். பழைய கம்பெனியின் விலையை வெளியே சொல்பவர், நாளைக்கு நம் விலையையும் சொல்வார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.