வேல்யூ செயின்: தமிழ்ல என்ன சொல்றது, எதை எங்க வைக்கிறது

தங்கச்சி பையன் சேலத்துல எம்.பி.ஏ படிக்கிறான், ஸ்ட்ராட்டஜி பேப்பர்ல வேல்யூ செயின் கேள்விக்கு "ப்ரொக்யூர்மெண்ட்"ட, அதாவது கொள்முதலை, ப்ரைமரி கட்டத்துல எழுதி மார்க் போச்சுன்னு வந்து நின்னான், நிறைய பேர் சறுக்குற இடம்தான் அது.

வேல்யூ செயின்ங்கற பேரை 1985ல ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் பரப்பினாரு. ஒரு கம்பெனி செய்ற வேலைங்களை எல்லாம் தனித்தனியா பிரிச்சு, ப்ரைமரி அதாவது முதன்மைச் செயல்பாடு ஒரு கட்டத்துலயும், துணைச் செயல்பாடு இன்னொரு கட்டத்துலயும் வச்சுப் பாக்கறதுதான் அது. தமிழ்ல மதிப்புச் சங்கிலி. சங்கிலிக்கு தமிழ்ல தொடர்னும் பழைய சொல் இருக்கு, அதனால மதிப்புத் தொடர்னாலும் எனக்கு சம்மதம். ஆனா விழுமியம்னு போட்டா தப்பு, அது நேர்மை மாதிரி கொள்கைக்கு சொல்ற வார்த்தை, இங்க வேல்யூன்னா வாங்குறவங்க காசு குடுக்கத் தயாரா இருக்கிற மதிப்பு.

  

இப்ப நம்ம ஊரு சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலையையே எடுத்துக்கங்க. மரவள்ளிக் கிழங்கு லோடு வருது, எடை போட்டு இறக்குறாங்க, பிடுங்கி ரெண்டு மூணு நாள்ல கெட ஆரம்பிச்சிடும்ங்கறதால சீக்கிரம் அரைவைக்கு விடுறாங்க. இது உள்வரவு, முதன்மைச் செயல்பாடு. தோல் உரிச்சு, அரைச்சு, பால் வடிகட்டி, தொட்டியில மாவு படிய விட்டு, குருணையாக்கி, வறுத்து, காய வைக்கிறது உற்பத்தி. மூட்டை குடோனுக்கும் லாரிக்கும் போறது வெளியனுப்பல். அப்புறம் விற்பனை, வித்த பின்னாடி சேவை. மொத்தம் அஞ்சு.

அப்ப கிழங்கை என்ன விலைக்கு, யார்கிட்ட வாங்கறதுன்னு பேசி முடிக்கிறது? அதுதான் ப்ரொக்யூர்மெண்ட், கொள்முதல். துணைச் செயல்பாடு. பையன் கேட்டான், "மாமா, கிழங்கு இல்லாம ஆலையே ஓடாதே, அது எப்படி துணை?"ன்னு. நல்ல கேள்வி. போர்ட்டர் முக்கியத்துவத்தை வச்சு பிரிக்கல. பொருளை உருவாக்கி, வித்து, வாங்கினவங்ககிட்ட சேர்க்கிற வேலையா, இல்ல அந்த வேலைங்களுக்கு வேணுங்கறதை ஏற்பாடு பண்ணித் தர்ற வேலையான்னுதான் பாக்குறாரு. கிழங்குக்கு விலை பேசறது மாதிரியே வறுக்க விறகு, மூட்டைக்கு சாக்கு, லாரி வாடகை, ஆபீஸ் கம்ப்யூட்டர்னு எல்லாத்துக்கும் யாரோ விலை பேசி வாங்கணும். எந்த ஒரு படியிலயும் அடங்காம எல்லாப் படிக்கும் குறுக்க ஓடுது, அதான் துணை. ஆள் எடுக்கிறது, தொழில்நுட்பம், கணக்கு நிர்வாகம் மூணும் இதே கட்டத்துலதான்.

குழப்பமா இருந்தா கேள்வியில இருக்கிற வினைச்சொல்லைப் பாருங்க. இறக்கினாங்க, அடுக்கினாங்க, இருப்பு பாத்தாங்கன்னா உள்வரவு. விலை பேசினாங்க, ஒப்பந்தம் போட்டாங்க, விவசாயியைத் தேர்ந்தெடுத்தாங்கன்னா கொள்முதல். ஒரே கிழங்குதான், ஆனா பேசின நேரம் ஒரு கட்டம், இறக்கின நேரம் இன்னொரு கட்டம். பையன் "கிழங்கு வாங்கி குடோன்ல வச்சாங்க"ன்னு ஒரே வரியா எழுதியிருந்தான், அதை ரெண்டா உடைச்சு எழுதச் சொன்னேன்.