விடுமுறைக்கு வருமுன், திரும்பிப் போகும் வழியை எழுத்தில் வாங்குங்கள்

வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களோடு என் அலுவலகத்துக்கு வருகிற குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே கவலைதான்: விடுமுறை கிடைக்குமா? விடுமுறை கிடைப்பது அவ்வளவு அரிதல்ல. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, டிக்கெட் யாருடைய செலவு, எந்த விசாவில் திரும்புவது என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் ஒருவர் விமானம் ஏறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைகுடா நாட்டிலும் சட்டம் வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வேலைக்குப் போகும் சவூதி அரேபியாவை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அண்மையில் நான் கையாண்ட ஒரு விடயத்தை, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அதன் வழியாகவே சொல்கிறேன்.

வடமராட்சியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தம்மாமில் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் குளிரூட்டி திருத்துநராக வேலை செய்கிறார். வேலையில் சேர்ந்தது 2023 செப்டெம்பர் 3. தங்கையின் திருமணத்துக்கு 2025 ஆகஸ்ட் 28 என்று நாள் வைத்தார்கள். அவர் தன் மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில், "தங்கைக்குக் கல்யாணம், ஒரு மாத லீவு வேண்டும்" என்று அனுப்பினார். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி வீட்டில் மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டார்கள். தகப்பனார் ஒப்பந்தப் பிரதியுடன் என்னிடம் வந்தது ஜூன் தொடக்கத்தில். காலம் போதுமானதாக இருந்தது. ஜூலைக் கடைசியில் வந்திருந்தால் என்னால் அதிகம் செய்திருக்க முடியாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் முக்கியமானவை. இரண்டு ஆண்டு சேவை முடிந்தபின் சம்பளத்துடன் 30 நாள் விடுமுறை என்றது ஒன்று. இரண்டு ஆண்டு முடிவில் தம்மாம் – கொழும்பு – தம்மாம் சாதாரண வகுப்பு டிக்கெட் என்றது மற்றது.

முதல் வரி சட்டத்துக்குப் பொருந்தவில்லை. சவூதித் தொழிற்சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 21 நாள் சம்பள விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அது 30 நாளாகிறது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு 42 நாள். சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தம் குறைக்க முடியாது, கூட்டலாம். "ஒப்பந்தத்தில் 30 என்றுதானே கையெழுத்துப் போட்டோம்" என்று பலர் மீதி நாட்களைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வேலையில் இருக்கும்வரை இந்த விடுமுறையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கவோ அதற்குப் பதிலாகப் பணம் வாங்கவோ சட்டம் இடமளிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் திகதியைத் தீர்மானிக்கும் உரிமை பெருமளவு முதலாளியிடமே இருக்கிறது. வேலைத் தேவையைப் பார்த்து அவர் நாளைக் குறிக்கலாம். விடுமுறையை 90 நாள்வரை தள்ளியும் வைக்கலாம். கோடை மாதங்களில் குளிரூட்டி திருத்துநரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது. அதனால் திருமண நாளை மட்டும் சொல்லி "ஒரு மாதம்" கேட்பதைவிட, நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய திகதிகளைத் தருவது நல்லது. நாங்கள் 35 நாள் கேட்டோம். கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 14 வியாழன். விடுமுறை ஆகஸ்ட் 15 முதல் செப்டெம்பர் 18 வரை. 19 வெள்ளி, வார ஓய்வு. 20 சனி காலை வேலைக்குத் திரும்புதல். கட்டுநாயக்காவிலிருந்து புறப்படும் விமானம் செப்டெம்பர் 17. விமானம் தாமதித்தாலும் சனிக்கிழமை வேலைக்கு நிற்க இடைவெளி இருக்கிறது. மீதி நாட்களை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தரும்படியும் கேட்டோம்.

டிக்கெட்தான் இந்த விடயத்தின் முடிச்சு. சவூதிச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வேலை உறவு முடிந்து நாடு திரும்பும்போது டிக்கெட் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்கிறது. விடுமுறைக்கு வந்துபோகும் டிக்கெட்டைப் பற்றி அது பேசவில்லை. அந்த உரிமை ஒப்பந்தத்திலிருந்து மட்டுமே வருகிறது. இந்த இளைஞரின் ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டு முடிவது 2025 செப்டெம்பர் 2. திருமணமோ அதற்கு ஐந்து நாள் முன்னால். நிறுவனத்தின் முதல் பதில் நான் எதிர்பார்த்ததுதான்: "இன்னும் டிக்கெட் உரிமை வரவில்லை, போவதானால் சொந்தச் செலவில் போகலாம்."

பிறகு மனிதவளப் பிரிவு இன்னொரு யோசனை சொன்னது. போகும் டிக்கெட்டை இப்போது தருவார்களாம். திரும்பும் டிக்கெட்டைச் செப்டெம்பர் 2க்குப் பிறகு அனுப்புவார்களாம். தகப்பனாருக்கு அது நியாயமாகப் பட்டது. நான் உறுதியாக வேண்டாம் என்றேன். ஒருவழி டிக்கெட்டில் ஊருக்கு வந்தவர், திரும்பும் டிக்கெட்டுக்காகத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வாரக்கணக்கில் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை குறைந்துவிட்டால் நிறுவனம் அந்த டிக்கெட்டை அனுப்பாமலே விடும். விசா நாட்கள் முடியும். பழி திரும்பிவராத தொழிலாளி மேல் விழும்.

எங்கள் வாதம் எளிமையானது. சம்பள விடுமுறை நாட்களும் சேவைக் காலம்தான். அவர் ஊரில் இருக்கும்போதே, செப்டெம்பர் 2இல், இரண்டு ஆண்டு நிறைவாகிவிடும். திரும்பும் விமானத்தில் ஏறும்போது டிக்கெட் உரிமை முழுமையாக வந்திருக்கும். ஆகவே இருவழி டிக்கெட்டை முன்கூட்டியே தரும்படியும், அவர் திரும்பாவிட்டால் அந்தத் தொகையை, வேலை முடியும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிக்கொடுத்தோம். நிறுவனம் கேட்ட உறுதி அதில் இருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகப் போனது. அதன் சாரம் இதுதான்:

"என் வருடாந்த விடுமுறையில் 35 நாட்களை 15.08.2025 முதல் 18.09.2025 வரை கேட்கிறேன். 20.09.2025 காலை வேலைக்குத் திரும்புவேன். தம்மாம் – கொழும்பு – தம்மாம் இருவழி டிக்கெட்டை, போவது 15.08, திரும்புவது 17.09 என்ற திகதிகளுடன் பயணத்துக்கு முன் தரவும். என் சேவை 02.09.2025இல் இரண்டு ஆண்டு நிறைவடையும். நான் திரும்பாவிட்டால் டிக்கெட் தொகையை என் சேவைக்காலப் பணத்தில் கழிக்கச் சம்மதிக்கிறேன். 60 நாள் செல்லுபடியாகும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா எடுத்துத் தரவும். விடுமுறைச் சம்பளத்தைப் புறப்படுமுன் செலுத்தவும்."

விடுமுறைச் சம்பளத்தை முன்கூட்டியே தருவது 109ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கேட்காதவர்களுக்கு அது திரும்பிய பிறகே கிடைக்கிறது.

அந்த 60 நாள் ஏன் என்று தகப்பனார் கேட்டார். நிறுவனம் முதலில் 30 நாள் விசாவுக்குத்தான் ஆயத்தப்படுத்தியிருந்தது, ஒப்பந்தத்தில் 30 என்று இருந்ததால். 35 நாள் விடுமுறைக்கு 30 நாள் விசா என்றால், அங்கீகரித்த விடுமுறை முடியுமுன்பே விசா முடிந்துவிடும். சவூதியில் ஒருமுறை வெளியே போய்த் திரும்பிவரும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவின் கட்டணம் இரண்டு மாதம்வரை 200 ரியால். அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். 30 நாளுக்கும் 60 நாளுக்கும் கட்டணம் ஒன்றே. கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் அந்த நாட்கள், ஊரில் டெங்கு வந்து படுத்தாலோ விமானம் ரத்தானாலோ காப்பாற்றும். இந்தக் கட்டணத்தையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று அதே 40ஆம் பிரிவு சொல்கிறது. சம்பளத்தில் கழித்திருந்தால் சம்பளச் சீட்டை வைத்துக் கேட்கலாம்.

விசாத் தாள் கைக்கு வந்ததும் படிக்க வேண்டியவை இரண்டு. அது எக்ஸிட் ரீ-என்ட்ரியா, ஃபைனல் எக்ஸிட்டா என்பது முதலாவது. ஃபைனல் எக்ஸிட் என்றால் வேலை முடிந்துவிட்டது. அதில் திரும்ப முடியாது. இரண்டாவது, நாட்கள் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்பது. "இத்தனை நாள்" என்று இருந்தால் நாட்டைவிட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ணப்படும். விசா எடுத்து மூன்று மாதத்துக்குள் புறப்பட வேண்டும். "இந்தத் திகதிக்கு முன் திரும்புக" என்று இருந்தால், பயணம் பிந்தினாலும் அந்தத் திகதி நகராது. சவூதி அரசின் அப்ஷர் செயலியில் தொழிலாளி தானே இதைப் பார்க்கலாம்.

புறப்படும் நாளில் அவசரமாக நீட்டப்படும் அரபுத் தாள்களில் கையெழுத்திடுமுன் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். விடுமுறைக் கணக்கு என்று சொல்லி, எல்லாப் பாக்கியும் தீர்ந்தது என்ற இறுதிக் கணக்குத் தாளில் கையெழுத்து வாங்கும் நிறுவனங்கள் உண்டு. இந்த இளைஞருக்கு நீட்டிய மூன்று தாள்களில் ஒன்று அப்படிப்பட்டது. "விடுமுறைச் சம்பளத்துக்கு மட்டும்" என்று எழுதிய தாளைக் கேட்டார்; அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஊரில் இருக்கும்போது செய்ய வேண்டியது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவைப் புதுப்பிப்பது. பதிவு இரண்டு ஆண்டுக்கே செல்லும். இவருடையது திருமண வாரத்திலேயே முடிந்தது. திருமண வேலைகளில் இதை மறந்து, கட்டுநாயக்காவில் போய் நின்று தடுமாறுபவர்கள் பலர். யாழ்ப்பாணத்திலேயே பணியக அலுவலகம் இருக்கிறது. ஊருக்கு வந்த முதல் வாரத்தில் போய்விடுவது நல்லது. கடவுச்சீட்டை விடுமுறையில் மாற்றினால், விசா பழைய எண்ணில் இருக்கும் என்பதால் இரண்டையும் கையில் கொண்டுபோக வேண்டும். புதிய எண்ணை நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகப் போகலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். இரண்டு பயணமும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் சென்னையில் பொதியை எடுத்து மறுபடி பதிய வேண்டியிருக்கும். அதற்கு இந்திய விசா வேண்டும். நிறுவனம் தரும் கொழும்பு டிக்கெட்டை அதற்காக விட்டுவிடுவது பெரும்பாலானவர்களுக்கு இலாபமில்லை.

சுகவீனத்தால் திரும்ப முடியாமல் போனால், வேலைக்கு நிற்க வேண்டிய நாளுக்கு முன்பே மருத்துவச் சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொடர்ந்து 15 நாளுக்கு மேல் காரணமின்றி வராதவரை, 10 நாள் கழிந்ததும் எழுத்தில் எச்சரித்துவிட்டு, சேவைக்காலப் பணமின்றி நீக்க 80ஆம் பிரிவு இடம் தருகிறது. விசா முடியுமுன் நிறுவனம் அங்கிருந்தே அதை நீட்டலாம், ஆனால் ஆள் வெளிநாட்டில் இருக்கும்போது கட்டணம் இரட்டிப்பு. வீட்டுச் சாரதிகளுக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் இந்தத் தொழிற்சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. இரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு மாதச் சம்பள விடுமுறை என்பதே அங்கே அளவு. கடிதத்தில் பிரிவு எண்களைப் போடுமுன், உங்கள் சவூதி வதிவிட அட்டையான இகாமாவில் எந்தத் தொழில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.