கைக்கு வராத வட்டிக்கு ஆண்டுதோறும் வரி: அமெரிக்காவில் ஜீரோ கூப்பன் பத்திரத்தின் தள்ளுபடி எப்படிக் கணக்கிடப்படுகிறது

ஜீரோ கூப்பன் பத்திரம் வாங்கியவருக்கு இடையில் வட்டி என்று எதுவும் வருவதில்லை. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கி, முதிர்வு நாளில் முழு முகமதிப்பையும் பெற்றுக்கொள்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தள்ளுபடி. பணம் கடைசி நாளில்தான் கைக்கு வருகிறது என்பதால் வரியும் அப்போதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1272-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயுள் கொண்ட பத்திரமானால், அதை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தள்ளுபடியில் அந்த ஆண்டுக்குரிய பங்கை வட்டி வருமானமாகக் காட்டி, அந்தந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். பணம் வரும்போது வருமானம் காட்டும் சாதாரணத் தனிநபருக்கும் இது பொருந்தும்.

வங்கியில் ஐந்தாண்டு வைப்பு போட்டு, வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஆண்டுதோறும் சேர்ந்த வட்டிக்கு வரி உண்டு. ஜீரோ கூப்பன் பத்திரத்திலும் நடப்பது அதுவேதான். வட்டி கண்ணுக்குத் தெரியாமல் பத்திரத்தின் மதிப்புக்குள் சேர்ந்துகொண்டே போகிறது, அவ்வளவுதான். பல்லாண்டுகளுக்கு முன் சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தது. பத்திரம் வெளியிட்ட நிறுவனம் ஆண்டுதோறும் தள்ளுபடியைச் செலவாகக் கழித்துக்கொள்ள, வாங்கியவரோ முதிர்வு வரை வரி கட்டாமல் இருந்தார். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனப் பத்திரங்களின் தள்ளுபடியைச் சமபங்காகப் பிரித்து ஆண்டுதோறும் வாங்கியவரின் வருமானத்தில் சேர்க்கச் சொன்னது. சமபங்கு என்ற அந்த முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. உண்மையில் வட்டி தொடக்கத்தில் குறைவாகவும் இறுதியில் அதிகமாகவும் சேர்கிறது. சமபங்கு முறையோ தொடக்க ஆண்டுகளிலேயே வெளியிட்டவருக்கு உண்மைக்கு மீறிய கழிவைக் கொடுத்தது. வட்டி விகிதங்கள் உயர்ந்திருந்த 1980-களின் தொடக்கத்தில் நிறுவனங்கள் ஜீரோ கூப்பன் பத்திரங்களை ஆர்வத்தோடு வெளியிட இதுவும் ஒரு காரணம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்து, கூட்டுவட்டி போல மாறாத ஈட்டு விகிதத்தில் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. இன்றும் அதுவே நடைமுறையில் இருக்கிறது.

இந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் முழுதாகப் பார்ப்பது நல்லது. அமெரிக்கக் கருவூலத்தின், இடையிடையே வட்டி தரும் கூப்பன் பத்திரத்திலிருந்து பிரித்தெடுத்து விற்கப்படும் துண்டுகளுக்கு ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்று பெயர். 1985 முதல் இவை புழக்கத்தில் உள்ளன. ஐந்தாண்டில் 10,000 டாலர் தரும் ஒரு ஸ்ட்ரிப்ஸ் துண்டை ஒருவர் ஜனவரித் தொடக்கத்தில் 8,219.27 டாலருக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால் இதன் ஈட்டு விகிதம் 4 சதவீதம். நடைமுறையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவதே வழக்கம் என்றாலும், கணக்கிடும் காலம் ஓராண்டுக்கு மிகாமல் இருந்தால் போதும் என்பதால், எளிமைக்காக ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஆண்டில் 8,219.27-க்கு 4 சதவீதம், அதாவது 328.77 டாலர், வட்டி வருமானம். வரி கட்டிய இந்தத் தொகை பத்திரத்தின் அடக்க விலையோடு சேர்கிறது. அடக்க விலை இப்போது 8,548.04. இரண்டாம் ஆண்டில் 4 சதவீதத்தை இந்தப் புதிய தொகைக்குப் போட வேண்டும், வருமானம் 341.92. இப்படியே மூன்றாம் ஆண்டில் 355.60, நான்காம் ஆண்டில் 369.82, ஐந்தாம் ஆண்டில் 384.62 என்று ஏறிக்கொண்டே போய், அடக்க விலை சரியாக 10,000-ஐத் தொடுகிறது. மொத்தத் தள்ளுபடியான 1,780.73 முழுவதுக்கும் ஏற்கெனவே கணக்குக் காட்டியாகிவிட்டதால், முதிர்வு நாளில் 10,000 டாலர் கைக்கு வரும்போது ஆதாயம் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. ஆண்டின் நடுவில் வாங்கினாலோ விற்றாலோ, அந்தக் காலத்துக்கான தொகையை நாள்கணக்கில் பிரித்து, பத்திரம் தம்மிடம் இருந்த நாள்களுக்கு உரியதை மட்டும் காட்ட வேண்டும்.

அடக்க விலை ஏறுகிறது என்பதை மறந்துவிடுவதே இந்த விஷயத்தில் மிகுந்த நஷ்டத்தைத் தரும் தவறு. மேலே சொன்ன துண்டை அவர் மூன்றாம் ஆண்டு முடிவில் 9,400 டாலருக்கு விற்கிறார் என்று கொள்வோம். வாங்கிய விலையை மட்டும் கழித்தால் ஆதாயம் 1,180.73 என்று வரும். ஆனால் அதில் 1,026.29 டாலருக்கு மூன்று ஆண்டுகளில் அவர் வரி கட்டிவிட்டார். அன்றைய அடக்க விலை 9,245.56, ஆகவே மூலதன ஆதாயம் 154.44 மட்டுமே. பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டவர் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டுகிறார். சந்தையில் வட்டி விகிதம் ஏறி, அதே துண்டு 9,000 டாலருக்குத்தான் விலைபோகிறது என்றால், கொடுத்த பணத்தைவிட 780 டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தாலும் வரிக் கணக்கில் அது 245.56 டாலர் மூலதன நஷ்டம். முதலில் கேட்கும்போது இது விந்தையாகத் தோன்றும். வட்டியாக 1,026.29 சம்பாதித்து, விலைச் சரிவில் 245.56 இழந்தார் என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

கையில் பணம் வராமலே வரி கட்ட வேண்டியிருப்பது உண்மையான சிரமம்தான். முகமதிப்பு பெரிதாக இருந்தால் அந்த வரித்தொகையும் பெரிது. அதை வேறு வருமானத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் வரி போதாவிட்டால் காலாண்டு முன்வரியும் கட்ட வேண்டியிருக்கும். ஐ.ஆர்.ஏ. போன்ற ஓய்வூதியக் கணக்குக்குள் இந்தப் பத்திரங்களை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் இந்தக் கணக்கு இல்லை. அங்கே பணத்தை எடுக்கும்போது பொருந்தும் விதிகளே செல்லும். இத்தகைய பத்திரங்களை நீண்ட காலம் வைத்திருக்க எண்ணுபவர்கள் அத்தகைய ஓய்வூதியக் கணக்கையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று: அமெரிக்கக் கருவூலப் பத்திரமாக இருந்தால், ஆண்டுதோறும் காட்டும் இந்தத் தள்ளுபடிக்கு மத்திய அரசின் வரி உண்டே தவிர, மாநில, உள்ளூர் வருமான வரி கிடையாது. நிறுவனப் பத்திரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

அமெரிக்கக் கருவூலம் தள்ளுபடியில் விற்கும் குறுகிய காலப் பத்திரமான டிரஷரி பில்லின் நிலை வேறு. பில்லின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் போவதில்லை. நான்கு வாரம் முதல் 52 வாரம் வரை பல அளவுகளில் ஏலம் விடப்படுகிறது. சாதாரணத் தனிநபர் முதிர்வு ஆண்டில் மொத்தத் தள்ளுபடியையும் வட்டியாகக் காட்டினால் போதும். அக்டோபர் 1 அன்று 9,800 டாலருக்கு வாங்கிய 26 வார பில் அடுத்த ஏப்ரல் 1 அன்று 10,000 டாலராக முதிர்ந்தால், 200 டாலரும் இரண்டாம் ஆண்டின் வருமானம். முதல் ஆண்டுக் கணக்கில் எதுவும் காட்ட வேண்டியதில்லை. வங்கிகள், பத்திர வணிகர்கள், சேரும்போதே வருமானம் காட்டும் முறையைப் பின்பற்றுவோர் முதலியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் தம்மிடம் இருந்த நாள்களுக்கு உரிய பங்கை அந்தந்த ஆண்டே காட்ட வேண்டும். அவர்களைப் போலவே ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டத் தனிநபரும் விரும்பினால் தெரிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தத் தெரிவு ஒரு பில்லோடு நிற்காது. அந்த ஆண்டின் முதல் நாள் முதல் வாங்கும் குறுகிய காலப் பத்திரங்கள் அனைத்துக்கும், பின்வரும் ஆண்டுகளுக்கும் அது பொருந்தும், விலக்கிக்கொள்ள அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.-இன் ஒப்புதல் வேண்டும். ஒரே ஓர் ஆண்டின் வரியைக் குறைக்க மட்டும் இதைத் தொடுவது சரியாகாது.

பில்லை முதிர்வுக்கு முன் விற்றால், ஆதாயம் முழுவதும் மூலதன ஆதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. மேற்சொன்ன 182 நாள் பில்லைச் சரிபாதியான 91-ஆம் நாளில் 9,905 டாலருக்கு விற்றால், ஆதாயம் 105. தள்ளுபடியில் அதுவரை சேர்ந்த பங்கு 100 டாலர். அது சாதாரண வருமானம். மிஞ்சும் 5 டாலர் மட்டுமே குறுகிய கால மூலதன ஆதாயம். இங்கே நாள்கணக்கில் சமபங்காகப் பிரிப்பதே பொதுவான முறை. விரும்பினால் மாறாத ஈட்டு விகித முறையையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட பத்திரத்திலும் மிகச் சிறிய தள்ளுபடிக்கு இந்த ஆண்டுக் கணக்கு இல்லை. முகமதிப்பின் 0.25 சதவீதத்தை, முதிர்வு வரையுள்ள முழு ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகையைவிடத் தள்ளுபடி குறைவாக இருந்தால், அதைத் தள்ளுபடியே இல்லாததாகக் கொள்ளலாம். நம் ஐந்தாண்டுத் துண்டுக்கு அந்த எல்லை 125 டாலர். அதன் தள்ளுபடியோ 1,780 டாலருக்கு மேல். ஜீரோ கூப்பன் பத்திரத்தில் முழு வட்டியும் தள்ளுபடியாகவே இருப்பதால், இந்த விலக்கு அதற்கு உதவுவது அரிது. கூப்பன் உள்ள பத்திரங்களுக்கே அது பயன்படும்.

கடைசியாக, ஆண்டுதோறும் இந்தத் தள்ளுபடியைத் தெரிவிக்கத் தரகர் அனுப்பும் 1099-ஓஐடி படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓஐடி என்பது இந்தத் தள்ளுபடியின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். கருவூலப் பத்திரங்களுக்கான தொகை அதன் 8-ஆம் கட்டத்திலும், மற்றவற்றுக்கான தொகை 1-ஆம் கட்டத்திலும் இருக்கும். ஸ்ட்ரிப்ஸ் துண்டைப் பொறுத்தவரை, சட்டம் அதை ஒவ்வொருவரும் வாங்கிய நாளில் புதிதாக வெளியிட்ட பத்திரம் போலவே கருதுகிறது. ஆகவே தள்ளுபடி என்பது அவரவர் கொடுத்த விலையைப் பொறுத்தது. ஒரே துண்டை வெவ்வேறு நாளில் வாங்கிய இருவருக்கு வெவ்வேறு தொகை வரும். படிவத்தில் இருப்பது உங்கள் விலைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த அடக்க விலையையும் ஈட்டு விகிதத்தையும் பெருக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். சரியான தொகையைக் கணக்கிடும் முறை ஐ.ஆர்.எஸ்.-இன் 1212-ஆம் எண் வெளியீட்டில் இருக்கிறது. படிவத்தில் கூடுதலாக இருந்தால், வட்டி வருமானத்தைப் பட்டியலிடும் அட்டவணை பி-யில் முதலில் படிவத்தின் தொகையை அப்படியே எழுதி, கூட்டுத்தொகைக்குக் கீழே ‘ஓஐடி அட்ஜஸ்ட்மென்ட்’ என்று குறிப்பிட்டு வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். படிவத்தின் தொகையை எழுதாமல் நேரடியாகச் சரியான தொகையை மட்டும் எழுதினால், ஐ.ஆர்.எஸ்.-இடம் உள்ள நகலோடு அது ஒத்துப்போகாமல் கடிதம் வரக்கூடும்.