வாழ்த்துப் பதிவின் கடைசி வரியை வெட்டுங்கள்

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் எனக்கு இந்த மாதிரி வேலைகள் வரும். உற்பத்தி நிறுவனங்களுக்கு எழுதித் தருவது என் தொழில். பம்புக்கும் வால்வுக்கும் வார்ப்புகள் செய்து கொடுக்கும் ஒரு பவுண்டரியின் உரிமையாளர் மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே வரைவை அனுப்பியிருந்தார். லிங்க்ட்இனில் போட வேண்டிய வாழ்த்து. "ஒரு பார்வை பார்த்துட்டு ஓகேன்னு சொல்லுங்க, போதும்" என்றார்.

வரைவு இப்படி இருந்தது: அனைவருக்கும் இனிய பண்டிகை நல்வாழ்த்துகள். தரத்தில் சமரசம் செய்யாத எங்கள் நிறுவனம் வாடிக்கையாளர் நலனையே உயிராகக் கருதுகிறது. புதிதாக நிறுவப்பட்ட இயந்திரங்களுடன் உங்கள் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றக் காத்திருக்கிறோம். இன்றே தொடர்பு கொள்ளுங்கள். கீழே கைபேசி எண், பன்னிரண்டு ஹேஷ்டேக், பதினான்கு வாடிக்கையாளர் நிறுவனங்களின் டேக். படத்தில் உலைக்கூடத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர்கள், அவர்கள் முன்னால் அடுக்கிய வார்ப்புகள்.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இதைப் படிப்பவர் யார்? அந்த நிறுவனத்திடம் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கும் பர்ச்சேஸ் மேலாளர். சரக்கு எப்போது வந்தது, எத்தனை திரும்பிப் போனது எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் போய் 'தரத்தில் சமரசம் இல்லை' என்றால், போன மாதம் நிராகரித்த பெட்டிதான் அவர் நினைவுக்கு வரும். 'இன்றே தொடர்பு கொள்ளுங்கள்' இன்னும் மோசம். அவர்தான் வாரத்துக்கு மூன்று முறை தொடர்பு கொண்டுகொண்டே இருக்கிறாரே. அந்த ஒரு வரி வந்ததும் மேலே சொன்ன வாழ்த்து முழுவதும் அதற்கான முன்னுரையாகிவிடுகிறது. எந்த வாழ்த்துப் பதிவு வந்தாலும் நான் முதலில் கை வைப்பது கடைசி வரியில்தான். அதை வெட்டிய பிறகும் மீதி நிற்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் நிற்காது.

நிற்க வேண்டுமானால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். உரிமையாளரிடம் கேட்டேன்: "இந்த வருஷம் வாடிக்கையாளர்கள் உங்களுக்காகச் செஞ்சது என்னங்க?" கொஞ்ச நேரம் யோசித்தார். உலை பழுதாகிச் சில நாள் நின்றபோது இரண்டு பேர் பொறுத்துக்கொண்டார்கள் என்றார். நல்ல விஷயம்தான், ஆனால் பொதுவில் சொல்ல முடியாது. உலை நின்ற கதையைப் போட்டியாளரும் படிப்பார், புதிதாக வர நினைப்பவரும் படிப்பார். அந்த இரண்டு பேருக்கும் போனில் நன்றி சொல்லிவிடச் சொன்னேன். பிறகு அவரே இன்னொன்றைச் சொன்னார். அதுதான் பதிவாயிற்று.

வார்ப்பில் மெல்லிய சுவரும் தடித்த பகுதியும் சட்டென்று சேரும் மூலை ஒரு தொல்லை. மெல்லிய பகுதி முதலில் இறுகிவிடும். தடித்த மூலை கடைசியாக உறையும்போது சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப உலோகம் வந்து சேராவிட்டால் உள்ளே ஓட்டை விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பிரஷர் டெஸ்டில் கசியும். மூலையை வளைவாக்கி, தடிமன் படிப்படியாக மாறும்படி டிராயிங்கைத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் டிராயிங் வாடிக்கையாளருடையது. சப்ளையர் கேட்டதற்காக அதை மாற்ற எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த ஆண்டு சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அதை வைத்து எழுதியது இது:

"தடிமன் சட்டென்று மாறும் மூலைகள் எந்தப் பவுண்டரிக்கும் தலைவலி. அப்படிச் சில மூலைகளைக் கொஞ்சம் வளைத்துத் தர முடியுமா என்று இந்த ஆண்டு உங்களிடம் கேட்டோம். மறுக்காமல், டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தீர்கள். நன்றி. அச்சு கட்டுபவர்கள், உலை பார்ப்பவர்கள், பிசிறு நீக்குபவர்கள் எல்லோர் சார்பிலும் உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் பண்டிகை வாழ்த்துகள்."

அவ்வளவுதான். எண் இல்லை, இயந்திரப் பெருமை இல்லை, ஹேஷ்டேக் இல்லை. லிங்க்ட்இன் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்து வைத்துவிடும். அதனால் 'அனைவருக்கும் வாழ்த்துகள்' என்பதை மேலே வைக்காமல் மூலையை வைத்தோம். வாழ்த்து கடைசியில் வந்தால் போதும். உரிமையாளருக்கு ஒரு குறை இருந்தது: "நம்ம திறமை எங்கேயும் வரலையே?" மூலை எங்கே கசியும் என்று முன்கூட்டியே தெரிந்த பவுண்டரி என்பதைவிட வேறென்ன வர வேண்டும் என்று கேட்டேன். அரை மனதோடு விட்டார்.

அடுத்தது படம். இதில்தான் எனக்கு அதிக நேரம் போகும், உற்பத்தி நிறுவனங்கள் அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். வார்ப்பின் மேல் வாடிக்கையாளரின் லோகோவும் பாக எண்ணும் மேடாக வார்க்கப்பட்டிருக்கும். அச்சிலேயே இருப்பதால் எளிதில் அழிக்கவும் முடியாது. அவர் அனுப்பிய படத்தைக் கைபேசியில் விரித்துப் பார்த்தபோது மூன்று வார்ப்புகளில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒன்று இன்னும் சந்தைக்கே வராத பம்புக்கானது. அந்த நிறுவனத்தோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். நல்லெண்ணம் வளர்க்கப் போட்ட பதிவு வக்கீல் கடிதத்தில் முடிந்திருக்கும்.

பின்னணியில் வெள்ளைப் பலகை. அன்றைய உற்பத்தித் திட்டமும், பாகம் வாரியாக நிராகரிப்பு சதவீதமும் அதில் எழுதியிருந்தது. வலது ஓரத்தில் ஒருவர் சாதாரணச் செருப்போடு, உருகிய உலோகம் எடுத்துச் செல்லும் வழியில் நிற்கிறார். தலைக்கு மேல் காகிதத் தோரணம். வாடிக்கையாளரின் சப்ளையர் ஆடிட் செய்பவர்களும் லிங்க்ட்இனில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கண் முதலில் போவது காலணிக்கும் கண்ணாடிக்கும்தான். கடைசல் இயந்திரத்தின் முன்னால் கையுறையோடு நிற்கும் படத்தையும் பல நிறுவனங்கள் பெருமையாகப் போடுகின்றன. சுழலும் இயந்திரத்தில் கையுறை சிக்கினால் கையும் சேர்ந்து போகும் என்று தெரிந்தவருக்கு அந்தப் படம் வேறு செய்தி சொல்லும்.

கடைசியில் புதிதாக ஒரு படம் எடுத்தோம். முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்த ஒருவர் பிசிறு நீக்கிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத சோதனை வார்ப்பு. படத்தைப் போடலாமா என்று அவரிடமும் கேட்டோம். இதைப் பலர் கேட்பதே இல்லை. பதிவின் எழுத்தைப் பிறகு திருத்த லிங்க்ட்இன் விடும், படத்தை மாற்ற விடாது. படம் தவறினால் பதிவையே நீக்க வேண்டும், அதற்கு வந்த கருத்துகளும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் படத்தில் இத்தனை பிடிவாதம்.

டேக் பதினான்கையும் எடுத்துவிட்டேன். யார் யாருக்குச் செய்து தருகிறோம் என்ற பட்டியலைப் போட்டியாளருக்கு இலவசமாகக் கொடுப்பது ஒரு பக்கம். பட்டியலில் இடம்பெறாத பதினைந்தாவது வாடிக்கையாளரின் மனம் இன்னொரு பக்கம். டேக் செய்யப்பட்டவர்களும் மரியாதைக்காக ஏதாவது சொல்லியாக வேண்டும். அது வாழ்த்து இல்லை, வேலை.

பதிவை ஏற்றும் முன் நான் வழக்கமாகக் கேட்பது தரக் கட்டுப்பாட்டு மேலாளரிடம் உள்ள பட்டியல். முடிக்கப்படாத புகார்கள் எத்தனை? இங்கே ஒன்று இருந்தது. கசிந்த வால்வு உடல்கள் ஒரு தொகுதி திரும்பி வந்திருந்தது, மாற்றுச் சரக்கு இன்னும் கிளம்பவில்லை. "வாழ்த்துக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார் உரிமையாளர். சரக்கு எங்கே என்று அந்த மனிதர் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கும்போது, நடுவில் உங்கள் சிரிப்புப் படம் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அன்றே அவருக்குப் போன் செய்து சரக்கு கிளம்பும் தேதியைச் சொன்னார். பதிவு அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் போனது. அதுவும் எங்கள் பதிவு பேசுவது மூலையைப் பற்றி, கசிவு வருவதே அப்படிப்பட்ட மூலையில்தான். முதலில் போன் போகாமல் இருந்திருந்தால் அவரைக் குத்திக்காட்டியது போலவே ஆகியிருக்கும்.

தேதி பற்றி ஒன்று. பண்டிகை நாளன்றே போடுவதைவிட இரண்டு மூன்று வேலைநாள் முன்னதாகப் போடுவதை விரும்புகிறேன். அன்று எல்லோருடைய வாழ்த்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், படிக்க வேண்டியவர் விடுமுறையில் இருப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்துபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஈத் பிறை பார்ப்பதைப் பொறுத்தது, நாட்டுக்கு நாடு ஒரு நாள் மாறலாம். 'இன்று' என்று எழுதி முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தால் தவறிவிடும். புனித வெள்ளியும் யோம் கிப்பூரும் கொண்டாட்ட நாட்களே இல்லை, அவற்றுக்கு 'இனிய' என்று போடக் கூடாது. விடுமுறை அட்டவணை, கடைசி டிஸ்பாட்ச் தேதி, அவசரத்துக்கு யாரை அழைப்பது, இவையெல்லாம் தனி மின்னஞ்சலில் போக வேண்டியவை. ஆலை எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்று ஊருக்கே அறிவிப்பது நல்லதில்லை.

பதிவு போன பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது, அது நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்பு வேறொரு இடத்தில் நடந்தது. வாழ்த்து நன்றாகவே இருந்தது. விருப்பம் தெரிவித்த ஒவ்வொருவருக்கும் விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர் தனிச் செய்தியில் கேட்லாக்கை அனுப்பிவிட்டார். பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்தச் செய்தியை அப்படியே உரிமையாளருக்கு அனுப்பி, "வாழ்த்துக்கு நன்றி, கேட்லாக்குக்கும்" என்று எழுதியிருந்தார். அதனால் இப்போது விற்பனைப் பிரிவிடம் முன்பே சொல்லிவிடுகிறேன்: கருத்து எழுதியவருக்குப் பெயர் சொல்லி ஒரு வரி பதில், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். யாராவது கருத்திலேயே புகார் வைத்தால் பார்த்துவிட்டோம் என்று ஒரு முறை அங்கேயே சொல்லிவிட்டு, மீதியைப் போனில் பேசுங்கள். கருத்தை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

பவுண்டரியின் பதிவுக்கு அதற்கு முந்தைய ஆண்டைவிட விருப்பங்கள் குறைவாகத்தான் வந்தன. அந்த ஆண்டு வந்தவற்றில் பெரும்பகுதி சொந்த ஊழியர்களுடையது என்று பெயர்களை எண்ணிக் காட்டினேன். இந்த முறை எட்டுக் கருத்துகள். அதில் ஐந்து வாடிக்கையாளர் நிறுவனங்களின் வடிவமைப்பு, தரப் பிரிவு ஆட்களுடையவை. இதுவரை லிங்க்ட்இனில் பர்ச்சேஸ் ஆட்களைத் தாண்டி யாரும் இந்தப் பவுண்டரியோடு பேசியதில்லை. அவர்களில் ஒருவர், "அந்த மூலை எங்களுடையதுதானே?" என்று கேட்டிருந்தார்.

உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம். "ஆமான்னு போட்றட்டுமா?" என்று கேட்டார். போட்டால் யாருக்கு எந்தப் பாகம் செய்கிறோம் என்று நாமே சொன்னதாகிவிடும் என்றேன். சிரித்துக்கொண்டே, "நாளைக்குப் போன்ல சொல்றேங்க" என்று பதில் எழுதினார்.