சிரிப்பு வராததற்கு சப்டைட்டிலும் காரணமாக இருக்கலாம்

மேடை நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு சப்டைட்டில் எழுதுவது என் வேலை. "எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் சிரிப்பே வரல" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "எந்த மொழியில பார்த்தீங்க, படிச்சுக்கிட்டே பார்த்தீங்களா?" என்பதைத்தான். பல நேரம் அவர்களுடைய ரசனையில் குறை இருக்காது. படித்துக்கொண்டே பார்க்க ஏற்ற பாணியாக அது இருந்திருக்காது, அவ்வளவுதான்.

இந்த ஜோக்கைப் பாருங்கள். "எங்கப்பா ரொம்பக் கண்டிப்பானவர். ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்ல மாட்டார். ஞாபகம் இருக்காது."

மேடையில் இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு ஒரு நொடி மௌனம் இருக்கும். கறாரான அப்பாவை நாம் மனதில் வரைந்து முடிப்பது அந்த நொடியில்தான். பிறகு வரும் இரண்டு சொற்கள் அந்தப் படத்தைக் கவிழ்க்கின்றன. இதையே சப்டைட்டிலில் மொத்தமாகப் போட்டால், அவர் மௌனமாக நிற்கும்போதே நம் கண் கடைசிச் சொல்லுக்குப் போய்விடும். அரங்கம் சிரிக்கும்போது நமக்கு அது பழைய செய்தி. அதனால்தான் கடைசி வரியைத் தனியாகப் பிரித்து, அவர் வாய் திறக்கும் நொடியில் வரும்படி வைக்கப் பாடுபடுகிறோம். ஆனால் மொழிபெயர்க்கும்போது வாக்கிய அமைப்பே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் கடைசியில் வரும் சொல் தமிழில் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும், வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். சிலேடையாக இருந்தால் ஒன்றுமே செய்ய முடியாது.

ஆகவே ஒற்றை வரி நகைச்சுவைக்காரர்களை, காதால் கேட்டவுடன் புரிகிற மொழியில் பார்ப்பதே நல்லது. ஆங்கிலத்தில் மிட்ச் ஹெட்பெர்க், ஆண்டனி ஜெசல்னிக் போன்றவர்கள் இந்த வகை. கதை சொல்லிகளின் விஷயம் வேறு. அங்கே சிரிப்பு ஒரு சொல்லில் தொங்குவதில்லை. ஒரு மனிதர் படிப்படியாகச் சிக்கலில் மாட்டிக்கொள்வதிலிருந்து வருகிறது. எழுத்து அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அது தாங்கும்.

நண்பர் ஒருவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் வேகமாகப் பேசினால் சப்டைட்டில் வேண்டும். ஒரு குட்டி வீடியோவைப் பார்த்துவிட்டு ஜெசல்னிக்கின் முழு நிகழ்ச்சியைப் போட்டு, பாதியிலேயே அணைத்துவிட்டார். "உங்களுக்குப் பிடிச்ச நிகழ்ச்சி ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன். அலெக்சாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' என்றவர், அதில் ஒரு பகுதியைக் குரல் மாற்றி, கையை ஆட்டி, பாடியே காட்டினார். அதிலேயே விடை கிடைத்துவிட்டது. பிடித்ததைத் திருப்பிச் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்று கவனித்தாலே போதும். வரியை அப்படியே ஒப்பிப்பவருக்குச் சொல்லாட்சி பிடிக்கும். நடித்துக் காட்டுபவருக்கு ஆளும் சூழலும் பிடிக்கும். "உண்மைதானே, நம்ம எல்லாரும் இப்படித்தானே" என்பவருக்கு அன்றாடத்தைக் கவனித்துச் சொல்பவர்கள் ஒத்துவருவார்கள்.

அவருக்கு மைக் பிர்பிக்லியாவின் 'தி நியூ ஒன்' நிகழ்ச்சியைச் சொன்னேன். குழந்தை வேண்டாம் என்றிருந்த ஒருவர் அப்பாவாகும் கதை. பதறாமல் பேசும் மனிதர். ஒரே உட்காரலில் பார்த்து முடித்தார்.

மொழி புரிந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அலெக்ஸ் நிகழ்ச்சியே சாட்சி. அது தமிழ்த் திரையிசையின் மேல் நிற்கிறது. பழைய பாடகர்களின் குரலும் இசையமைப்பாளர்களின் பாணியும் காதில் பதிந்திருக்காதவருக்கு, தமிழ் தாய்மொழியாகவே இருந்தாலும் பாதி சிரிப்பு போய்விடும். வட்டார உச்சரிப்பைக் கிண்டல் செய்பவர்களும் இப்படித்தான். அந்த உச்சரிப்பை எங்களால் எழுத்தில் கொண்டுவர முடிவதில்லை. அரசியல் பேசும் நிகழ்ச்சி என்றால் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டின் செய்தி நினைவில்லை என்றால் விட்டுவிடலாம்.

விருதையும் புகழையும் மட்டும் நம்பிப் போவதிலும் சிக்கல் உண்டு. 2018இல் வெளிவந்த ஹன்னா கேட்ஸ்பியின் 'நானெட்' மிகவும் பேசப்பட்டது. நகைச்சுவை எப்படி இறுக்கத்தை உண்டாக்கிப் பிறகு தளர்த்துகிறது என்று அவரே விளக்கிவிட்டு, ஒரு கட்டத்தில் அந்தத் தளர்வைத் தர மறுக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி. ஆனால் களைப்பாக வந்து, மனம் லேசாக வேண்டும் என்று உட்கார்பவருக்கு அதைத் தர மாட்டேன்.

புதிதாக ஒருவரைச் சோதிக்க விளம்பரத் துண்டுகளைப் பார்க்காதீர்கள், அவை பொறுக்கியெடுத்த வரிகள். முழு நிகழ்ச்சியைப் போட்டு, முடிந்தால் சப்டைட்டில் இல்லாமல், அரங்கத்தோடு சேர்ந்து சிரிக்கிறீர்களா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பு வந்தால் மொழி இடிக்கிறது. அரங்கம் சிரிக்கும்போது காரணம் புரிந்தும் உங்களுக்கு வரவில்லை என்றால் பாணி ஒத்துவரவில்லை. ஒற்றை வரிக்காரரை நடுவில் எங்கிருந்து போட்டாலும் 10 நிமிடத்தில் தெரிந்துவிடும். கதை சொல்லியை மட்டும் தொடக்கத்திலிருந்தே பாருங்கள். ஆரம்பத்தில் சும்மா சொன்னதுபோல் விட்டுப்போன ஒரு விவரத்தை அவர் கடைசியில் திரும்ப எடுப்பார், அதைக் கேட்டிருந்தால்தான் அங்கே சிரிப்பு வரும்.