ஞாயிறு மட்டும் போதாது: கடை ஊழியரின் அரைநாள் விடுமுறையும் மேலதிக நேரக் கணக்கும்

யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் கணக்குப் பார்க்கும்போது முதலாளிமாரிடம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு: “ஞாயிறு கடை பூட்டுத்தானே, பெடியளுக்கு லீவு குடுக்கிறம்.” உண்மைதான், ஆனால் அது முழு விடுமுறை மட்டும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை கேட்கிறது: ஒரு முழுநாள், ஒரு அரைநாள். மேலதிக நேரத்தைச் சேர்க்காமல் அந்த வாரம் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு இந்த ஒன்றரை நாளும் சம்பளத்துடன் கிடைக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் மறக்கப்படுவது அந்த அரைநாள்தான். மேலதிக நேரக் கணக்கு பிழைக்கத் தொடங்குவதும் அங்கேதான்.

வேலை நேரத்தின் எல்லை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. உணவு, ஓய்வு இடைவேளைகள் இதில் சேராது. ஐந்து நாள் எட்டு மணியாக வேலை செய்தால் 40 போய்விடும், ஆறாம் நாளுக்கு மிஞ்சுவது ஐந்து மணி. அரைநாள் விடுமுறையைச் சட்டம் எப்படி நினைக்கிறது என்பது இந்தக் கழித்தலிலேயே தெரிகிறது.

ஒரு புடைவைக் கடையை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் சனி வரை காலை 9 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்குப் பூட்டுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி, பின்னேரத் தேநீருக்கு அரை மணி விடுகிறார்கள். பத்து மணியில் ஒன்றரையைக் கழித்தால் நாளுக்கு எட்டரை மணி வேலை. ஆறு நாளுக்கு 51. நாற்பத்தைந்தைத் தாண்டியது 6 மணி. இதையே நாள் நாளாகவும் பார்க்கலாம். ஐந்து நாளில் அரை அரை மணியாக இரண்டரை. ஐந்து மணி மட்டும் செய்ய வேண்டிய சனிக்கிழமையில் கூடியது மூன்றரை. மொத்தம் அதே 6 மணிதான். “நாங்கள் ஓ.டி. போடுறதில்லை” என்று சொல்லும் கடையில், யாரும் கவனிக்காமலே வாரம் ஆறு மணி ஓ.டி. நடக்கிறது.

இதற்கான பணம் சாதாரண மணிச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளக்காரருக்கு மணிச் சம்பளம் காண மாதத் தொகையை 240ஆல் வகுக்க வேண்டும். விற்பனையாளரின் சம்பளம் 36,000 ரூபா என்றால் (2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 30,000) மணிக்கு 150, மேலதிக மணிக்கு 225. ஆறு மணிக்கு 1,350 ரூபா, நான்கு வாரத்துக்கு 5,400 ரூபா. 240 என்பது 30 நாளை 8ஆல் பெருக்கி வரும் எண். அதாவது விடுமுறை நாட்களும் சம்பள நாட்களாகவே அதற்குள் இருக்கின்றன. அதனால் மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துச் சம்பளம் போடுவது பிழை. “என்ரை கடையில் நாளுக்குப் பத்து மணி” என்று 300ஆல் வகுப்பதும் பிழை. அப்படி வகுத்தால் மணிக்கு 150 வரவேண்டிய இடத்தில் 120 வரும், எட்டு மணிக்கு மேல் செய்ததும் ஓ.டி. ஆகாமல் போகும், ஊழியர் இரண்டு பக்கத்தாலும் இழப்பார்.

இந்த 1,350 ரூபாவைக் கொடுத்துவிட்டால் அரைநாள் விடுமுறைக் கடன் தீர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பணம் வேலை செய்த மணிக்கானது. விடுமுறையைச் சட்டம் விடுமுறையாகவே கொடுக்கச் சொல்கிறது. எல்லாரும் சனி மதியம் போனால் கடை நிற்கும் என்பது நியாயமான கவலை. அதற்கு ஆளுக்கொரு நாளாகப் பிரிக்கலாம்: ஒருவருக்குச் செவ்வாய் மதியத்தோடு முடியட்டும், மற்றவருக்குப் புதன். நான்கு பேர் உள்ள கடையில் எந்த மதியமும் ஒருவர்தான் குறைவார்.

நல்லூர்த் திருவிழாக் காலமும் தீபாவளிக்கு முந்திய வாரங்களும் வேறு சிக்கல். மேலதிக நேரத்துக்கு வாரத்துக்கு 12 மணி என்ற உச்ச எல்லை இருக்கிறது. மேலே சொன்ன கடை 9 மணிவரை திறந்து, இரவுச் சாப்பாட்டுக்கும் விடாமல் அதே ஆட்களை வைத்திருந்தால் ஆறு நாளில் இன்னும் 12 மணி கூடி 18 ஆகும். ஊழியர் விரும்பிக் கையெழுத்து வைத்தாலும் இந்த 12 மணி எல்லை உயராது. இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்று 9 முதல் 6.30 வரை, மற்றது 11.30 முதல் 9 வரை நின்றால், ஒன்றரை மணி இடைவேளை போக இரண்டுக்கும் எட்டு எட்டு மணிதான். சனநெருக்கமான பின்னேரத்தில் இரு அணியும் கடையில் இருக்கும். பெண் ஊழியரை இரவில் வைத்திருக்கத் தனி விதிகள் உண்டு. அதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டுத்தான் நேரம் குறிக்க வேண்டும்.

பதிவுக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஆளுக்கு மாதம் ஒரு பக்கம். திகதி, வந்த நேரம், மதியம் போன நேரம், திரும்பிய நேரம், வெளிக்கிட்ட நேரம், வேலை செய்த மணி, ஊழியரின் ஒப்பம். தேநீருக்கு உண்மையில் விட்டால் மட்டும் அரை மணியைக் கழியுங்கள். நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டே துணி காட்டியிருந்தால் அது வேலை நேரம். அந்த அரை மணி ஆறு நாளில் மூன்று மணியாகிவிடும். விடுமுறை நாளை வெறுமையாக விடாமல் “முழு விடுமுறை”, “அரை விடுமுறை” என்று எழுத வேண்டும். வெறும் கோடு பின்னர் எதையும் நிரூபிக்காது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று வைத்து, ஞாயிறுக்குக் கீழே கூட்டுங்கள். மாதம் இடையில் முடிந்தால் அந்த வாரத்தின் ஓ.டி.யை வாரம் முடியும் மாதத்தில் சேர்க்கலாம், ஆனால் எப்போதும் அதே முறைதான்.

கூட்டும்போது நடக்கும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டரை மணியை 8.30 என்று எழுதி, அதையே கல்குலேற்றரில் தட்டிவிடுகிறார்கள். 8.30ஐ ஆறால் பெருக்கினால் 49.80 வரும், சரியான விடை 51. வாரம் ஒன்றேகால் மணியளவு இப்படியே காணாமல் போகிறது, யாரும் ஏமாற்ற நினைக்காமலே. மணியை 8.5 என்று எழுதுங்கள், கால் மணிக்கு .25, முக்கால் மணிக்கு .75.

மாத முடிவில் ஒரே பேனையால் முப்பது நாளும் “9.00 – 7.00” என்று நிரப்பிய பக்கத்தைத் தொழில் அதிகாரி பார்த்தவுடனே அறிவார். கடைசி பில் 7.40க்கு அடிபட்டிருந்தால் கொப்பி அங்கேயே பொய்யாகிவிடும். அன்றன்றைக்கு எழுதுவது முதலாளிக்கும் பாதுகாப்பு. பிழைத்தால் டிப்பெக்ஸ் பூச வேண்டாம், ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் இருவரும் ஒப்பமிடட்டும்.

சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளமும் ஓ.டி.யும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஓ.டி.க்கு ஊழியர் சேமலாப நிதி பிடிக்கப்படுவதில்லை, சம்பளத்துக்குப் பிடிக்கப்படும். இரண்டும் கலந்தால் அந்தக் கணக்கும் பிழைக்கும். திருவிழாவுக்குக் கையில் கொடுத்த 5,000 ரூபாவை ஓ.டி. என்று பின்னர் சொல்ல முடியாது. எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு என்பது சிட்டையில் இருந்தால்தான் அது ஓ.டி. மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுபட வேண்டும், ஓ.டி.யும் அதனோடேதான்.

ஊழியராக இருப்பவர்கள் ஞாயிறு தோறும் தங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடையில் கொப்பியே இல்லையென்றால், வந்த நேரத்தையும் வெளிக்கிட்ட நேரத்தையும் ஒவ்வொரு இரவும் உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு முறைப்பாட்டோடு போகும்போது, “கனகாலமா ஓ.டி. தரேல்லை” என்ற சொல்லை விட, திகதியும் மணியும் எழுதிய அந்தக் கொப்பியை வைத்துத்தான் அதிகாரி கணக்கைத் தொடங்க முடியும்.