ஒரே ஊருக்கு இரண்டு முறை எண் விழுந்தால்

கடலூர் வட்டாரத்தில் ரத்தசோகைக் கணக்கெடுப்புக்கு ஊர்களைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தோம். சமூக மருத்துவத்தில் இருப்பதால் இந்த வேலை எனக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும். பட்டியலில் எண்ணைப் பொருத்திக்கொண்டே வந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் நிறுத்திக் கேட்டார்: "சார், இந்த ஊருக்கே ரெண்டு தடவை விழுது. ஒண்ணை எடுத்துட்டுப் பக்கத்து ஊரைப் போட்டுக்கலாமா? நாலு ஊருக்குப் பதிலா அஞ்சு ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்ல?"

நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால் அப்படி மாற்றினால் கணக்கு கெட்டுவிடும். அதனால் அன்று அவருக்குச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எண்களும் கூட்டிப் பார்க்க எளிதாக நான் வைத்துக்கொண்டவை.

பத்து ஊர்கள், மொத்தம் 18,000 பேர். ஐந்து கொத்து எடுக்க வேண்டும். கொத்து என்பது ஒரே ஊரில் சேர்த்து எடுக்கும் ஆட்கள், கொத்துக்கு 20 பேருக்கு ரத்தப் பரிசோதனை. பலரும் முதலில் செய்வது சீட்டுக் குலுக்கல்தான். பத்துச் சீட்டில் ஐந்தை எடுத்தால் எல்லா ஊருக்கும் ஒரே வாய்ப்பு, பாதிக்குப் பாதி. ஊருக்கு அது நியாயம்தான், ஆளுக்கு இல்லை. 410 பேர் உள்ள ஊரில் ஒருவர் பரிசோதனைக்கு வரும் வாய்ப்பு 41-ல் ஒன்று. 5,100 பேர் உள்ள ஊரில் 510-ல் ஒன்று. பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். சின்ன ஊரில் சோகை அதிகம் இருந்தால், வட்டாரம் முழுதும் அதிகம் என்று அறிக்கை சொல்லிவிடும்.

இதைச் சரிசெய்யத்தான் ஊரின் அளவுக்கேற்ற வாய்ப்பு, அதாவது பி.பி.எஸ். முறை. ஊர்களை வரிசையாக எழுதி, மக்கள்தொகையை மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். அப்படிக் கிடைப்பது குவிவுத் தொகை.

| வரிசை | மக்கள்தொகை | குவிவுத் தொகை | விழுந்த எண் |
|---|---|---|---|
| 1 | 820 | 820 | |
| 2 | 2,350 | 3,170 | 2,417 |
| 3 | 410 | 3,580 | |
| 4 | 1,640 | 5,220 | |
| 5 | 5,100 | 10,320 | 6,017, 9,617 |
| 6 | 960 | 11,280 | |
| 7 | 3,120 | 14,400 | 13,217 |
| 8 | 540 | 14,940 | |
| 9 | 1,980 | 16,920 | 16,817 |
| 10 | 1,080 | 18,000 | |

மொத்தம் 18,000-ஐ ஐந்தால் வகுத்தால் இடைவெளி 3,600. ஒன்றிலிருந்து 3,600-க்குள் ஒரே ஒரு சமவாய்ப்பு எண் எடுக்கிறோம். வந்தது 2,417 என்று வையுங்கள். அதோடு 3,600-ஐக் கூட்டிக் கூட்டி மற்ற நான்கு எண்கள். ஒவ்வொரு எண்ணும் எந்த ஊரின் வரம்புக்குள் விழுகிறதோ அந்த ஊர் தேர்வாகிறது. 18,000 பேரையும் ஊர் ஊராக வரிசையில் நிற்க வைத்து, 2,417-ஆவது ஆளையும் அதன்பின் ஒவ்வொரு 3,600-ஆவது ஆளையும் தொடுவதாக நினைத்துக்கொள்ளலாம். பெரிய ஊருக்கு வரிசை நீளம், அதனால் வாய்ப்பும் அதிகம்.

இப்போது ஒரு ஆளின் வாய்ப்பைப் பாருங்கள். 410 பேர் ஊர் தேர்வாகும் வாய்ப்பு 410/3,600. தேர்வான பின் அங்கே ஒருவர் வரும் வாய்ப்பு 20/410. பெருக்கினால் 410 அடிபட்டுப் போகிறது, மீதி 20/3,600, அதாவது 180-ல் ஒன்று. எந்த ஊரை வைத்துப் போட்டாலும் இதே விடைதான். பெரிய ஊருக்கு முதல் படியில் கூடுதலாகக் கொடுத்ததை, எல்லா ஊரிலும் அதே 20 பேர் என்ற இரண்டாம் படி திரும்ப எடுத்துக்கொள்கிறது. தடுப்பூசிக் கணக்கெடுப்பில் 30 கொத்து, கொத்துக்கு 7 குழந்தை என்று வைத்திருந்ததும் இந்தக் கணக்கை நம்பித்தான்.

செவிலியர் கேள்விக்கு வருவோம். ஐந்தாம் ஊரின் 5,100 இடைவெளியைவிடப் பெரிது. அதனால் எந்த எண்ணில் தொடங்கினாலும் அந்த ஊருக்கு ஒரு முறையாவது விழும், 3,600 தொடக்க எண்களில் 1,500-க்கு இரண்டு முறை விழும். இரண்டு விழுந்தால் அங்கே இரண்டு கொத்து, 40 பேர். அதில் ஒன்றைப் பக்கத்து ஊருக்குக் கொடுப்பதை வழக்கமாக வைத்தால், ஐந்தாம் ஊர்க்காரரின் வாய்ப்பு 180-ல் ஒன்றிலிருந்து 255-ல் ஒன்றாகக் குறையும். பக்கத்து ஊருக்கோ உரிமையில்லாத பங்கு கூடும். "அப்ப பெரிய ஊர் ஆளுங்க குறைஞ்சு போயிடுவாங்க" என்று அந்த அம்மாவே முடித்தார்.

அந்த 40 பேரை எங்கே எடுப்பது என்பதில் இன்னொரு சறுக்கல் உண்டு. பட்டியலில் இருப்பது வருவாய்க் கிராமம். 5,100 என்ற எண்ணில் ஊர், காலனி, தள்ளியிருக்கும் குக்கிராமங்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். கடலோரமானால் மீனவர் குப்பமும் சேரும். குழு பேருந்து நிறுத்தத்தில் இறங்கி அருகிலேயே 40 பேரை முடித்துவிட்டால், காலனியின் தலைகளைக் காட்டி வாங்கிய வாய்ப்பு ஊர்த்தெருவுக்குப் போய்விடும். படிவத்தில் தெருப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் இரண்டு தெருவுக்குள் அடங்கியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

அடுத்தது பட்டியலின் வயது. நான் வைத்திருந்தது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பட்டியல். அதன்பின் எங்கள் மாவட்டத்தில் ஊர்கள் அப்படியே நிற்கவில்லை. சிப்காட்டை ஒட்டி வாடகைக் குடித்தனங்கள், நெய்வேலிப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த குடும்பங்கள். ஒன்பதாம் ஊரில் பட்டியல்படி 1,980 பேர், போய் எண்ணினால் 2,970 பேர் என்று வையுங்கள். ஊருக்கு வாய்ப்பு 1,980-ஐ வைத்துக் கொடுத்தோம், 20 பேரை 2,970-இலிருந்து எடுக்கிறோம். அடிபட வேண்டியது அடிபடவில்லை, வாய்ப்பு 270-ல் ஒன்றாகிவிட்டது. வழி இரண்டு: அந்த ஊரில் 20-க்குப் பதில் 30 பேரை எடுக்கலாம். அல்லது 20 பேரையே எடுத்து, கணக்கிடும்போது அவர்களுக்கு ஒன்றரை மடங்கு எடை தரலாம். எதைச் செய்வதானாலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் வீடுகளை எண்ணியிருக்க வேண்டும். களத்துக்குப் போகும் குழுவிடம் நான் முதலில் கேட்பது அந்த எண்ணிக்கைத் தாளைத்தான்.

சமவாய்ப்பு எண்ணைப் பற்றி ஒன்று. எக்செலில் குவிவுத் தொகைக்கும் எண்ணுக்கும் இவை போதும்:

```
=SUM($B$2:B2)
=RANDBETWEEN(1,3600)
```

இரண்டாவதில் கவனம் வேண்டும். தாளில் வேறெந்தக் கட்டத்தைத் திருத்தினாலும் எண் மாறிவிடும். காலையில் 2,417, மதியம் வேறு, யாருக்கும் எது உண்மை என்று தெரியாது. வசதியான ஊர்கள் வரும்வரை விசையைத் தட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தேர்வு, சமவாய்ப்பு அல்ல. ஊர் வரிசையை முதலில் பூட்டிவிட்டு, நான்கு பேர் முன்னிலையில் ஒரே முறை எடுத்து, தேதியோடு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கணினி இல்லையென்றால் ரூபாய் நோட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் போதும். 0000 வந்தாலோ 3,600-ஐத் தாண்டினாலோ அடுத்த நோட்டு. இடைவெளி பின்னமாக வந்தால் கூட்டும்போது பின்னத்தோடே கூட்டி, ஒவ்வொரு எண்ணையும் கடைசியில் முழுமையாக்குங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் கணக்கெடுப்பு வைத்தால் தேர்வான ஊரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். குழு மேட்டில் இருக்கும் பக்கத்து ஊருக்குப் போய் முடித்துவிட்டு வரும். தண்ணீர் சூழும் ஊரின் உடல்நிலையும் மேட்டு ஊரின் உடல்நிலையும் ஒன்றல்ல. எங்கள் ஒன்பதாம் ஊருக்கு இது நேர்ந்தபோது பதினெட்டு நாள் காத்திருந்து, பாதை திறந்ததும் போனோம். அதற்கும் வழியில்லாமல் போயிருந்தால், நான்கு கொத்துதான் கிடைத்தது, ஐந்தாவது வெள்ளத்தால் விடுபட்டது என்று அறிக்கையில் எழுதியிருப்பேன்.